பிறந்தநாள் மரப் பாட்டு: நாட்குறிப்பு

செப்டம்பர் 12

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை மாலையில் வந்திருந்தார். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள். தமிழ்நாட்டில் அதை இளைஞர் எழுச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். பல பள்ளிகளில் அன்று மரக்கன்று நடுவார்கள். இந்த வருடம் ஒரு சின்ன மாற்றம் செய்கிறாராம். அக்டோபரில் பிறந்த ஏழு பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று தங்கள் பெயரில் நட வேண்டும், அப்போது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல ஒரு பாட்டு வேண்டும். "நீங்கதான் எழுதித் தரணும்மா" என்றார்.

கலாமைப் புகழ்ந்து நாலு வரி, மரம் காற்றும் நிழலும் தரும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே மறந்துபோகும். கன்றை எப்படி நடுவது என்பதையே பாட்டாக்கிவிட்டால் பிள்ளைகளின் கை வேலை செய்யும்போது வாய் அதைச் சொல்லும், அடுத்த வருடமும் அந்த வேலை நினைவில் இருக்கும். அப்படித்தான் எழுதப் போகிறேன்.

செப்டம்பர் 15

முதலில் அளவு. கூட்டமாகச் சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மூச்சில் மூன்று சீர்தான் சுகம். நான்காவது சீர் வந்தால் பின்வரிசை இழுக்கும், முன்வரிசை ஓடிவிடும். அதனால் மா, மா, காய் என்று மூன்று சீர் ஒரு வரி. ஒன்றாவது வரியும் மூன்றாவது வரியும் எதுகையில் சேரட்டும். எதுகை இருந்தால் இரண்டாவது வரியை மறந்த பிள்ளையும் மூன்றாவது வரியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மரம் பூவரசு. பள்ளித் திடல் களிமண், ஐப்பசியில் தண்ணீர் தேங்கும் இடம். பூவரசு ஓரளவு ஈரத்தைத் தாங்கும், சீக்கிரம் வளரும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. அது எனக்குப் பெரிய காரணம்.

முதல் பத்தி வந்துவிட்டது.

எட்டு வயதும் எனக்காச்சு,
இன்று பிறந்த நாளாச்சு;
நட்டு வைக்கப் பூவரசு
நம்ம பள்ளி வந்தாச்சு.

செப்டம்பர் 17

ஏழு பிள்ளைகளின் பிறந்த தேதியையும் கேட்டு வாங்கினேன். 15ஆம் தேதி பிறந்தவள் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் "இன்று பிறந்த நாளாச்சு" என்று சொன்னால் அது பொய். பிள்ளைகள் இதையெல்லாம் விடவே மாட்டார்கள். "எந்தன் பிறந்த நாளாச்சு" என்று மாற்றியிருக்கிறேன். மாதத்தில் எந்தத் தேதியில் பிறந்தவருக்கும் பொருந்தும், எட்டோடு எந்தனுக்கு மோனையும் கிடைத்தது.

வயதும் ஒன்றில்லை. ஏழு, எட்டு, பத்து மூன்றும் அப்படியே அளவில் உட்காரும். ஒன்பதுதான் மாச்சீரில் அடங்காது. அந்தப் பையனுக்கு மட்டும் "ஒன்பதாண்டும் எனக்காச்சு". எட்டைத் தவிர மற்ற வயதுகளில் 'நட்டு'வோடு எதுகை போய்விடுகிறது. போகட்டும். பிள்ளை தன் வயதைத் தானே சொல்வது அதைவிட முக்கியம்.

செப்டம்பர் 22

குழி பற்றி எழுத வேண்டும். பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி என்று தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை உள்ளே இறக்கி நிற்க வைத்தோம். முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது. ஒன்றரை அடி என்பதைவிட முழங்கால் என்றால் பிள்ளைக்கு உடனே புரியும்.

பெரியவர் மேலே இருந்த மண்ணை ஒரு பக்கமும் அடியிலிருந்து வந்ததை இன்னொரு பக்கமும் குவித்தார். மேல்மண்ணில்தான் மக்கு அதிகம், புது வேர் முதலில் தேடுவதும் அதைத்தான். அதனால் மக்கிய உரத்தோடு கலந்து முதலில் உள்ளே போக வேண்டியது அதுதான். அவசரத்தில் எல்லாம் ஒரே குவியலானால், கெட்டியான அடிக்களி வேரைச் சுற்றி இறுகிப்போகும்.

முழங்கால் ஆழம் குழிவெட்டி
முதலில் வந்த மேல்மண்ணைத்
தழையின் உரத்தில் கலந்துவைத்தோம்;
தங்கம் போலே காத்துவைத்தோம்.

ஒரு குழியில் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். காலையில் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 23

ஊற்றிய தண்ணீரில் பாதி அப்படியே நின்றது. அந்தக் குழியை மூடிவிட்டு, திடலின் மேட்டுப் பக்கம் வேறு குழி வெட்டச் சொன்னேன். பெரியவர் முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுத்தார்.

செப்டம்பர் 29

எதிர் வீட்டு மூன்றாம் வகுப்புப் பெண்ணை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். 'முழங்கால்' அவள் வாயில் 'முளங்கால்' ஆகிறது. இடுப்பு, கணுக்கால் என்று மாற்றிப் பார்த்தேன், ஆழம் தப்பாகிவிடுகிறது. 'முழங்கால்' இருக்கட்டும். தினமும் அசெம்பிளியில் சொல்லும்போது ழகரம் தானாகப் பழகும்.

இன்றைக்கு எழுதியது பையைப் பற்றி. மரம் நடும் விழாக்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே குழியில் வைத்துவிடுவார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், இரண்டு வருடம் கழித்து ஒரு காற்றுக்கு மரம் சாயும். இன்னொரு தவறு தண்டைப் பிடித்து இழுப்பது. மண் உதிர்ந்து சல்லி வேர் அறுந்துபோகும். நடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மண் கெட்டியாகப் பிடித்திருக்கும். பெரியவர் ஒருவர் பிளேடால் பக்கவாட்டில் கீறிக் கொடுக்க வேண்டும், அப்புறம் பிள்ளை கிழித்துக்கொள்ளலாம்.

பையைக் கிழித்தோம் பதமாக,
பந்தாய் இருந்த மண்ணோடு
கையில் தாங்கிக் குழிக்குள்ளே
கன்றை இறக்கி நட்டுவைத்தோம்.

"அத்தை, அப்ப பையை என்ன செய்யறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஏழு பையையும் எண்ணி வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளையை நிறுத்தச் சொல்லப் போகிறேன். ஏழுக்கு ஒன்று குறைந்தால் எங்கோ ஒரு கன்று பையோடு மண்ணுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 6

பள்ளியில் ஒத்திகை. ஆசிரியை ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். குழிக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்குக் கையில் காகிதம் பிடிக்க முடியாது, அதனால் இந்த முறைதான் சரி.

ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரு பத்தியைத் திருப்பிச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை, மண் தள்ளி முடிக்க அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. பாட்டு முடிந்து எல்லோரும் கை கட்டி நிற்க, ஒரு பிள்ளை மட்டும் தனியாக மண் தள்ளிக்கொண்டிருந்தது. வேண்டிய மட்டும் சுற்றிச் சுற்றிச் சொல்ல இரண்டு வரி அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன்.

தள்ளு தள்ளு மண்தள்ளு,
தண்டு சாய்ந்தால் நேராக்கு.

இதில் இரண்டாவது வரிக்கு வேலை உண்டு. மண் தள்ளும் வேகத்தில் கன்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரி வரும்போது பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். பையில் மண் எந்த மட்டம் இருந்ததோ அந்த மட்டத்தோடு நிறுத்த வேண்டும், தண்டை மூடக் கூடாது. அதைப் பாட்டில் கொண்டுவரப் பார்த்தேன், வரி முறுக்கிக்கொண்டது. அது ஆசிரியை பார்த்துக்கொள்ளும் வேலையாகவே இருக்கட்டும்.

அக்டோபர் 10

கடைசி இரண்டு பத்திகளும் முடிந்தன. முதலாவது வாக்குறுதி. பிள்ளையால் செய்ய முடிந்ததை மட்டும் வைத்திருக்கிறேன்.

வாரம் இருநாள் வருவேனே,
வாளித் தண்ணீர் தருவேனே;
ஓரம் சுற்றி முள்வைப்பேன்,
ஓட்டி ஆட்டை விரட்டிடுவேன்.

பூவரச இலை என்றால் ஆட்டுக்கு உயிர். முள் இல்லாத கன்று ஒரே நாளில் மொட்டைக் குச்சியாகிவிடும்.

மலர்ந்த மஞ்சள் பூவெல்லாம்
மாலை வந்தால் சிவந்துவிடும்;
இலையைச் சுருட்டிப் பீப்பீயாய்
இங்கே நின்று ஊதிடுவோம்.

பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலைக்குள் சிவந்து வாடும். மரம் என்ன தரும் என்று பெரியவர்கள் அடுக்குவதைவிட, இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கப் போகும் ஒன்றோடு பாட்டு முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 15

நடுகை முடிந்தது. எட்டரை மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள், வெயில் ஏறும் முன் நடுவது நல்லது. "தள்ளு தள்ளு" வரிகளை எத்தனை முறை சொன்னார்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் தரையைத் தட்டிக்கொண்டு சொன்னதில் அந்த இடமே அதிர்ந்தது.

ஒன்பதாண்டுப் பையன் தன் வரியை மிகவும் கர்வமாகச் சொன்னான்.

ஒரு கன்றில் தண்ணீர் ஊற்றியதும் குமிழி குமிழியாக வந்தது. மண்ணுக்குள் காற்றுப் பொந்து இருந்திருக்கிறது. சற்று நேரத்தில் மண் அமுங்கிக் கன்று சாய்ந்தது. அதற்கு உரியவள் யாரும் சொல்லாமலே "தண்டு சாய்ந்தால் நேராக்கு" என்று பாடிக்கொண்டே நிமிர்த்தினாள். பெரியவர் இன்னும் இரண்டு சட்டி மண் போட்டு மெதுவாக மிதித்துவிட்டார். பைகள் ஏழும் கைக்கு வந்தன.

அக்டோபர் 18

இனி மற்ற மாதங்களில் பிறந்த பிள்ளைகளும் அவரவர் மாதத்தில் நட வேண்டுமாம். மே மாதம் பிறந்த ஒரு பெண்ணின் அம்மா கேட்டார்: "எங்க பொண்ணு வெயில்ல எங்க போய் நடுவா?" நியாயம்தான். கத்திரி வெயிலில் நட்டால் கன்று பிழைப்பது கஷ்டம். கோடையில் பிறந்தவர்கள் அன்றைக்குப் பையில் விதை போட்டு, மழை தொடங்கும்போது கன்றை நிலத்தில் இறக்கலாம். வேப்பம்பழம் ஆனியில் பழுக்கும். அந்தக் கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் பழத்தோலை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். ஆனிப் பிள்ளைகளுக்கு முதல் பத்திக்குப் பதில் இதை எழுதிக் கொடுத்தேன்.

ஆனி மாதம் நான்பிறந்தேன்,
அன்றே வேப்பங் கொட்டையிட்டேன்;
மேனி சிலிர்க்க மழைவரவும்
மெல்ல எடுத்து நட்டுவைத்தேன்.

மே மாதத்துக்கு என்ன விதை என்று யோசிக்கிறேன். பூவரசங்காயையே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதன் விதைத்தோல் கெட்டி, லேசாகக் கீறிவிட்டு ஊன்ற வேண்டும்.

அக்டோபர் 27

மழை பிடித்துக்கொண்டது. தலைமை ஆசிரியை போன் செய்தார். கொட்டும் மழையில் இரண்டு பிள்ளைகள் குடையும் வாளியுமாகத் திடலுக்கு வந்துவிட்டார்களாம். கேட்டால், "வாரம் இருநாள்னு பாட்டுல இருக்கே டீச்சர்" என்கிறார்களாம். பள்ளமான ஓரத்தில் இருக்கும் கன்றில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன. அங்கே தண்ணீர் தேங்குகிறது, வேருக்குக் காற்று இல்லை. பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டி வடிய விடச் சொன்னேன். அப்புறம் மழைக்காலத்துக்கென்று ஒரு பத்தி எழுதினேன்.

மழைநாள் வந்தால் வாளிவேண்டாம்,
மடையை வெட்டி வடியவிடு;
தழைகள் வாடி மஞ்சளானால்
தண்ணீர் தேங்கும், தோண்டிப்பார்.

வாளிப் பத்தி தை முதல் புரட்டாசி வரை, இந்தப் பத்தி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு. நவம்பரில் பிறந்த நான்கு பேர் நடும்போது இதையே சொல்லட்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.