மயிலிறகும் துரியோதனன் கையும்

தொண்ணூறுகளின் கடைசியில் குடியாத்தம் பக்கத்து ஊர்களில் தொழுநோய் விழிப்புணர்வு நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆறு பேர், ஒரு டோலக், இருபது நிமிட நாடகம். ராத்திரிச் சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் தொடங்குவோம்.

முதல் நாடகத்தில் விரல் மடங்கிய கையோடு ஒருவர் கூட்டத்துக்குள் நடந்து வருவார். ஜனங்கள் மூச்சுக் காட்டாமல் பார்ப்பார்கள். சரி, நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து அதே ஊருக்குப் போய் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், எல்லாரும் அந்தக் கையைத்தான் சொன்னார்கள். தேமலைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ஒரு அம்மா முந்தானையால் முழங்கையை மூடியபடியே பதில் சொன்னார். ஊனம் வருவதற்கு வெகு முன்னால் வருவது உணர்ச்சி இல்லாத தேமல். அது வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் சட்டை செய்வதில்லை. அதைக் காட்டாமல், இருந்த பயத்தை நாங்கள் இன்னும் கூட்டிவிட்டிருந்தோம்.

வழி சொன்னவர் எங்களோடு இருந்த கூத்துக்காரர். "டாக்டர் வேஷம் வேணாம் சார். கட்டியங்காரன் பாத்துக்குவான்" என்றார். கூத்தில் ராஜா கதைக்குள்ளேயே நிற்க வேண்டும். கட்டியங்காரன் மட்டும் கதையை விட்டு வெளியே வந்து ஊர்ச் சமாசாரம் பேசலாம், ராஜாவையே கேள்வி கேட்கலாம்.

துரியோதனன் முன்னங்கையில் அரிசி மாவால் ஒரு வட்டம் பூசினோம். கட்டியங்காரன் அவனைக் கண்ணை மூடச் சொல்லி மயிலிறகால் தொடுவான். "தொட்ட எடத்துல விரல வைங்க ராஜா." கன்னம், தோள் இரண்டையும் துரியோதனன் சரியாகத் தொட்டுக் காட்டுவான். அப்புறம் இறகு அந்த வட்டத்தின் மேல் போகும். துரியோதனன் கண்ணைத் திறக்காமலே, "ஏண்டா நிறுத்திட்ட? தொடுடா!" என்பான். முன்வரிசைப் பிள்ளைகள், "தொட்டாச்சு ராஜா!" என்று கத்துவார்கள். சுகாதாரப் பணியாளர் செய்யும் சோதனையும் கிட்டத்தட்ட இதேதான். மறுநாள் பிள்ளைகள் கோழி இறகை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள்.

அதிலும் ஒரு குறை இருந்தது. நாங்கள் மாத்திரையைப் பற்றிச் சொன்னோமே தவிர, அது உடம்பில் என்ன செய்யும் என்று சொல்லவில்லை. பல தேமல் உள்ளவர்களுக்கு ஒரு வருடக் கூட்டு மருந்து. அதில் மாதத்துக்கு ஒரு முறை போடும் ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். குளோஃபசிமினால் தோல் கறுக்கும். ஒரு நெசவாளர், "ரத்தமா போகுது, ஆளும் கறுத்துட்டேன்" என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார். அதன் பிறகு, சிறுநீரின் சிவப்பு வெறும் மருந்தின் நிறம்தான், தோலின் கறுப்பும் மருந்தை முடித்த பின் மெல்ல மாறிவிடும் என்பதை நடவுப் பாட்டு மெட்டில் கட்டினோம். பாட்டில் வேறு எந்தச் செய்தியையும் சேர்க்கவில்லை.

வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால், எந்த நாடகத்தைப் பார்த்தாலும் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாமல், டோலக் கயிறுகளை மெதுவாகத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விளக்கு அணைந்த பிறகு யாராவது வந்து, "அந்த இறகு இருக்குதா?" என்று கேட்பார்கள்.