தொடை எலும்பு இரண்டு வாரம் பின்தங்கியபோது

ஸ்கேன் இயந்திரத்தில் சிசுவின் தொடை எலும்பை அளந்தவுடன், FL என்ற எழுத்துகளுக்கு அருகே மில்லிமீட்டரில் ஓர் எண்ணும், அதற்கு அடுத்து ‘இத்தனை வாரம், இத்தனை நாள்’ என்று ஒரு வயதும் தோன்றும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதிகம் தொல்லை கொடுப்பது அந்த இரண்டாவது எண்தான். 57 மில்லிமீட்டர் நீளமுள்ள எலும்பு சராசரியாக எந்த வாரத்தில் காணப்படும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்தக் குழந்தையின் வயது அதுவல்ல. ஆனால் திரையைப் பார்க்கும் பெற்றோரும், சில வேளைகளில் மருத்துவர்களும், அதை வயதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து மாமியாருடன் வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது 32 வாரம். வேறொரு கிளினிக்கில் தொடை எலும்பு 30 வாரத்திற்குரியதாக இருக்கிறது என்று கூறி, பிரசவத் தேதியை இரண்டு வாரம் தள்ளி எழுதியிருந்தார்கள். “அக்கா, பிள்ளைக்குக் கால் குட்டையா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நான் முதலில் திறந்து பார்த்தது அவருடைய கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தை. அதில் 12-வது வாரத்தில் தலை முதல் பிட்டம் வரை அளந்த நீளம் பதிவாகியிருந்தது. அந்தப் பருவத்தில் குழந்தைகளுக்கிடையே அளவு வேறுபாடு மிகக் குறைவு என்பதால், வயதைக் கணிப்பதில் ஏறக்குறைய ஒரு வாரத்திற்குமேல் பிழை வருவதில்லை. தொடை எலும்பைக் கொண்டு கணித்தால் 20 வாரத்தை ஒட்டி ஒன்றரை, இரண்டு வாரமும், கடைசி மூன்று மாதங்களில் மூன்று வாரம் வரையிலும் முன்பின்னாகலாம். முதல் ஸ்கேன் உறுதிசெய்த தேதியைப் பிந்தைய ஸ்கேனால் மாற்றக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. மாற்றினால், உண்மையிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தையும் ‘வயதுக்கேற்ற அளவு’ என்று தாளில் தெரியும். 41 வாரம் ஆன கர்ப்பத்தை 39 என்று எண்ணி நாம் காத்திருப்போம்.

அடுத்து அளவையே சோதிக்க வேண்டியிருந்தது. எலும்பு திரையில் படுக்கைவாட்டில் கிடக்க வேண்டும். இரு முனைகளும் மழுங்கலாக, தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு முனை மங்கினால் வெட்டுத்தளம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி எடுத்த அளவு குறைவாகவே வரும். முழங்கால் பக்கத்தில் சில நேரம் மெல்லிய முள்போல ஒரு வெள்ளைக் கோடு நீளும். அதையும் சேர்த்து அளந்தால் எலும்பு நீண்டுவிடும், ஏனெனில் நாம் அளப்பது எலும்பாக மாறிய நடுத்தண்டை மட்டுமே, குருத்தெலும்பை அல்ல. (தாயின் வயிற்றில் வைக்கும் புரோபுக்குத் தொலைவில் உள்ள தொடை சற்று வளைந்ததுபோல் தெரிவது இயல்பு; அதைக் கண்டு பயந்தவர்கள் பலர்.) அருகிலிருந்த தொடையை மூன்று முறை அளந்தேன், 56, 57, 57 மில்லிமீட்டர். 32 வாரத்தின் சராசரி ஏறத்தாழ 62. ஆகவே எலும்பு குட்டைதான், நூறில் ஐந்து குழந்தைகளே அதற்குக் கீழே வரும் 5-வது சதமானக் கோட்டை ஒட்டியிருந்தது.

குட்டை என்றால் ஏன் என்ற கேள்விக்கு மற்ற அளவுகளில்தான் விடை தேட வேண்டும். தலைச்சுற்றளவு 296, வயிற்றுச்சுற்றளவு 275 மில்லிமீட்டர். இரண்டும் 32 வாரத்திற்குச் சரியானவை. தேதி தவறாக இருந்திருந்தால் தலையும் வயிறும் சேர்ந்தே பின்தங்கியிருக்கும். நஞ்சுக்கொடி போதிய உணவு தராவிட்டால் பெரும்பாலும் வயிறுதான் முதலில் இளைக்கும், ஆனால் குட்டையான தொடையே அதற்கு முன்னறிகுறியாக அமைவதும் உண்டு. எலும்பு வளர்ச்சிக் கோளாறா என்று அறிய, தொடையைப் பாதத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும். பாதம் 60, விகிதம் 0.95. இது 0.9-க்குக் கீழே போனால் கவலைப்படலாம். வயிற்றுச்சுற்றளவில் தொடை 20.7 சதவீதம்; வழக்கமான 20 முதல் 24-க்குள் அடங்கியது. மண்டையோடு, விலா எலும்புகள், கைகள் எதிலும் குறை தெரியவில்லை.

“எங்க வீட்டுல எல்லாருமே குள்ளம்தாம்மா,” என்றார் மாமியார். நான் மறுக்கவில்லை, ஆனால் அதை நம்பி முடித்துவிடவும் இல்லை. கை கால் எலும்புகள் குட்டையாகவே வளரும் அக்கோண்ட்ரோபிளேசியா போன்ற கோளாறில் ஏறத்தாழ 24 வாரம் வரை தொடை இயல்பாகவே இருந்து, அதன்பிறகே பின்தங்கும். ஒரே ஒரு அளவு அந்தப் போக்கைக் காட்டாது. அடுத்த வாரமே வரச்சொல்வதிலும் பயனில்லை. வாரத்திற்கு இரண்டு மில்லிமீட்டர் அளவே வளரும் எலும்பில், அளக்கும் கையின் பிழையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரும். மூன்று வாரம் கழித்து வரச்சொன்னேன். தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தையும் பார்க்கும்படி மருத்துவருக்குக் குறிப்பு எழுதினேன். அது இயல்பாகவே இருந்தது.

35-வது வாரத்தில் தொடை 63. மூன்று வாரத்தில் ஆறு மில்லிமீட்டர், அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் வளர்ச்சி. பழைய கோட்டை ஒட்டியே சென்றது. வயிறும் அதன் கோட்டை விட்டு இறங்கவில்லை. அறிக்கையில், பிரசவத் தேதி 12-வது வார ஸ்கேனின்படியே நீடிக்கிறது என்றும், தொடை எலும்பு குட்டையாயினும் சீராக வளர்கிறது என்றும் எழுதி, மற்ற கிளினிக்கில் தள்ளி எழுதிய தேதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று தனி வரியாகச் சேர்த்தேன்.