சாதாரணமா தைங்க

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு புது ஆள். ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் கைப்பை, கையில் துணிக்கடைப் பை ஒன்று. படியில் நின்றபடியே கடைக்குள் எட்டிப் பார்த்தார். என்னிடம் வேலை பழகும் பிள்ளை மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டது. அவர் பையைத் திறந்து தேடத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இது பிடிக்காது. அளவு ஜாக்கெட் கைக்கு வந்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "வாங்கக்கா, உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்று கூப்பிட்டு, ஸ்டூல் மேல் கிடந்த துணியை எடுத்துப் போட்டேன். பையிலிருந்து ஒரு திருபுவனம் பட்டுப் புடவையும் இரண்டு காட்டன் பிட்டும் வெளியே வந்தன. அக்கா மகளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணமாம், பட்டு அதற்கு. காட்டன் இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு. அப்படித்தான் டீச்சர் என்று தெரிந்தது.

"எப்படித் தைக்கணும் டீச்சர்?"

"சாதாரணமா தைங்க. கை மட்டும் கொஞ்சம் லூஸா இருக்கட்டும்."

சாதாரணம் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் யோசித்துவிட்டு வருகிறார்கள் என்பது என் அனுபவம். பழைய கடையில் ஏதோ சரியில்லாமல்தானே புதுக் கடைப் படி ஏறுவார்கள்? அந்தக் குறையை எடுத்த எடுப்பில் சொல்லக் கூச்சம். அதனால் என்ன வேண்டும் என்று மேற்கொண்டு கேட்காமல், "இப்பப் போட்டிருக்கீங்களே, இதுல எது பிடிக்கல?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமாக மேலே ஏறிவிடுகிறதாம். பின்னால் உட்கார்ந்திருப்பதோ எட்டாம் வகுப்பு. இடது கையால் ஜாக்கெட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே வலது கையால் எழுதுகிறாராம். "நாலு தடவை கையைப் பிரிச்சு லூஸ் பண்ணிக் கொடுத்தாங்க. ஒண்ணும் மாறல" என்றார்.

பிள்ளையைக் கடைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் டீச்சரை நிற்க வைத்தேன். "அந்தச் சுவரை போர்டுன்னு நினைச்சு எழுதுங்க." கை மேலே போனதும் ஜாக்கெட்டின் கீழ்ப் பட்டி நன்றாக இரண்டு இன்ச் ஏறியது. கை விளிம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல் கையில் மடிப்பும் இல்லை, தையல் பதிந்த சிவப்புத் தடமும் இல்லை. கை பிடிக்கிறது என்றால் அந்தத் தடம் இருந்தே தீரும். இழுப்பு வந்தது பக்கத் தையலிலிருந்து.

அக்குளைப் பார்த்தால் வௌவால் இறக்கை மாதிரி துணி தொங்குகிறது. கை வந்து சேரும் சுற்றை, அதாவது ஆம்ஹோலை, டேப் வைத்து அளந்தேன், 19½. டீச்சர் உடம்பில் அக்குளைச் சுற்றிப் பிடித்தால் 16½தான். மார்பு 38, மேல் கை 13.

ஆம்ஹோல் கீழே இறங்க இறங்க, கையும் உடம்புத் துணியும் சேரும் தையல் விலாப் பக்கம் இறங்கிவிடும். அங்கே சேர்த்துத் தைத்த பிறகு கையைத் தூக்கினால் மொத்த ஜாக்கெட்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கைச் சுற்றை எவ்வளவு பிரித்துவிட்டாலும் இது தீராது. ஒவ்வொரு தடவை பிரித்தபோதும் அக்குள் இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். டீச்சருக்கு வேண்டியது லூஸ் இல்லை, ஏறக்குறைய அதற்கு நேர் எதிர்.

ஆனால் அதை அப்படியே சொன்னால் பயந்துபோவார். "கையைத் தாராளமாத் தூக்கற மாதிரி தைக்கிறேன். அக்குள்ள மட்டும் கொஞ்சம் மேலே ஏத்திப் பிடிக்கும், முதல் நாள் புதுசா இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டேன்.

அதே நாள், இரவு

எழுத விட்டுப் போனது. கை நீளத்தை வாயால் சொல்லச் சொன்னால் ஆளுக்கு ஆள் 'அரைக் கை' மாறும். அதனால் விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். டீச்சர் முழங்கைக்கு இரண்டு விரல் மேலே வைத்தார், 10 இன்ச். கழுத்தையும் அப்படித்தான் கேட்டேன். கண்ணாடியைப் பார்த்து முன் கழுத்துக்கு ஒரு இடத்தில் விரல் வைத்தார், குனிந்து பார்த்ததும் விரல் அரை இன்ச் மேலே போனது. வகுப்பில் குனிந்து நோட்டு திருத்துகிறவருக்கு அந்த இரண்டாவது இடம்தான் அளவு.

அளவு ஜாக்கெட்டைக் கடைசியில்தான் கையில் வாங்கினேன். "இது உங்களுக்குப் பிடிச்ச ஜாக்கெட்டா, கைக்குக் கிடைச்ச ஜாக்கெட்டா?" என்றதற்குச் சிரித்துவிட்டார். உயரம் 15½ இருந்தது. முன்பு 14½தான் போடுவாராம். மேலே ஏறுகிறது என்று சொன்னதற்குக் கீழே ஒரு இன்ச் கூட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடை பேரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

லைனிங் துணியை நனைத்துக் காயப்போட்டதோடு சரி. காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, மேலே பட்டு உப்பிக்கொண்டு நிற்கும். பட்டைத் தொடவில்லை. காட்டன் பிட்டில் ஒன்றை முதலில் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டில் கத்தரி வைப்பேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். "அதுக்குத் தனிக் காசா?" என்று கேட்டார். இல்லை டீச்சர், அது எனக்கு இன்சூரன்ஸ்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆம்ஹோலுக்கு 17½ வைத்து வெட்டினேன், உடம்பு அளவோடு ஒரு இன்ச். பழைய ஜாக்கெட்டை மேலே விரித்துப் பார்த்தால் அக்குள் கிட்டத்தட்ட ஒரு இன்ச் மேலே வருகிறது. இதற்கு மேலும் ஏற்றலாம், ஆனால் வெட்டும். கும்பகோணத்து வெயிலில் அக்குளை உரசும் தையலை யாரும் மத்தியானம் வரை தாங்க மாட்டார்கள். கைச் சுற்று 14. உயரம் பழையபடி 14½. பக்கத் தையலில் உள்ளே ஒரு இன்ச் விட்டிருக்கிறேன்.

பழைய ஜாக்கெட்டுகளையும் இப்படி மாற்ற முடியுமா என்று பிள்ளை கேட்டது. முடியாது. வெட்டி எறிந்த துணி திரும்பி வராது. வேண்டுமானால் அக்குளில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைக்கலாம். அதே துணி கைவசம் இருந்தால்தான் அதுவும்.

ஆகஸ்ட் 24, சனி

டீச்சர் வந்தார். காட்டனைப் போட்டுக்கொண்டு சுவரில் எழுதிக் காட்டினார். பட்டி அரை இன்ச் ஏறியது, அவ்வளவுதான். அந்த அரை இன்ச்சும் ஏறாமல் தைக்க எனக்குத் தெரியாது. கை வைத்த ஜாக்கெட் எதுவாக இருந்தாலும் அந்த அளவு ஏறும். "அட, பிடிக்கவே இல்லையே" என்று டீச்சர் மறுபடி மறுபடி கையைத் தூக்கிப் பார்த்தார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டது தெரிந்தது. சும்மா ஒரு நினைப்பில் பட்டுப் புடவையின் முந்தானையை அந்தக் காட்டன் ஜாக்கெட் மேல் போடச் சொன்னேன். மடிப்பு எடுத்து, இடது தோளில் பின் குத்தினார். கையை இறக்கிய ஐந்தாவது நிமிஷம் இடது தோள் சரிந்து கழுத்து வெளிப்பக்கம் போய்விட்டது. பட்டின் கனம் முழுக்க அந்த ஒரு பின்னில் தொங்குகிறது. காட்டன் புடவைக்கு அந்தக் கழுத்து அகலம் ஒன்றும் செய்யாது, ஜரிகை முந்தானைக்கு ஆகாது. முந்தானையை ஒற்றையாக விடுவீர்களா, மடித்துப் பின் குத்துவீர்களா, எந்த இடத்தில் குத்துவீர்கள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இருபது வருஷமாகக் கேட்கிற கேள்வி. அன்றைக்குப் போர்டு கதையில் மூழ்கி விட்டுப்போய்விட்டது.

பட்டுக்குக் கழுத்து அகலத்தை இரண்டு பக்கமும் கால் இன்ச் உள்ளே கொண்டு வருவதாகப் பேசிக்கொண்டோம். தோள்பட்டை அந்த அளவு அகலமாகும். பின் கழுத்தில் ஒரு கயிறும் வைத்தால் தோள் அசையாது என்றேன்.

"கயிறு சரி. குஞ்சம் வேண்டாம். கல்யாணத்துல சின்னப் பிள்ளைங்க பின்னாடி நின்னு இழுக்கும்."

இதுவும் நானாக யோசித்திருக்க மாட்டேன். குஞ்சமில்லாத கயிறு என்று நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மத்தியானம் கல்லூரிப் பெண் ஒன்று போனை நீட்டிக்கொண்டு வந்தது. படத்தில் இருப்பது மாதிரியே வேண்டுமாம். நான் பட்டில் கை வைத்திருந்ததால் பிள்ளையே எழுந்து போனது. "வாங்க, உக்காருங்க. இந்தப் படத்துல உங்களுக்கு எது பிடிச்சுது, கையா, கழுத்தா, கலரா?"

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது. "கைதான். இந்தப் பஃப் மட்டும். கழுத்து இவ்ளோ இறக்கமா எங்கம்மா விட மாட்டாங்க."

பஃப் வைக்கக் கைக்குத் துணி கூடுதலாக வேண்டும், கொண்டு வந்த 80 சென்டிமீட்டரில் நீளக் கையோடு பஃப் வராது என்பதையும் பிள்ளையே பிட்டை மேஜையில் விரித்துக் காட்டிச் சொன்னது. குட்டைக் கை பஃப் என்று முடிவானது. நான் தலையைத் தூக்கவே இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பட்டு வாங்க டீச்சர் வந்தார். பார்டர் கைவிளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முந்தானை போட்டு, பின் குத்தி, பேசிக்கொண்டே பத்து நிமிஷம் கடைக்குள் நடக்கச் சொன்னேன். தோள் நகரவில்லை. கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதற்கு, "கல்யாண வீட்டுல நான் எதுக்குங்க போர்டுல எழுதப் போறேன்?" என்றார். இருந்தாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

போகும்போது வீட்டில் இன்னும் ஆறு ஜாக்கெட் பழைய அளவில் கிடப்பதாகச் சொன்னார். மீதித் துணி ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், அக்குளில் துண்டு வைத்துப் பார்க்கலாம் என்றேன். இரண்டுக்குத் துணி இருக்கிறதாம்.