‘குப்பை’ என்று சொன்ன ஃபைலில் முழு மலரும் இருந்தது

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை ஒரு மலர் போடுகிறது. கட்டுரைகள், வாழ்த்துச் செய்திகள், நன்கொடையாளர் பட்டியல், படங்கள் எல்லாம் ஒரே வேர்ட் ஃபைலில். வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில் ரைப் செய்வித்தோம். முடிந்ததும் கடைப் பெடியன் பென் டிரைவில் ஏற்றினான். கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு வாடிக்கையாளருக்காக அதைப் பிடுங்கியும் விட்டான். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. அந்தக் கடைக் கணினிகளை நிறுத்திப் போட்டால் அன்றைய வேலை எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆக, மூலமும் போச்சு.

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் திறந்தபோது "Word found unreadable content" என்று வந்தது. மீட்கவா என்று கேட்டதற்கு Yes கொடுத்தால், ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று கையை விரித்தது. Open பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் இருக்கும் Open and Repair-உம் அதையேதான் சொன்னது. சைஸைப் பார்த்தால் குறையே இல்லை. ஏமாந்துவிடாதீர்கள், விண்டோஸ் கொப்பி செய்யத் தொடங்கும்போதே முழு இடத்தையும் பிடித்து வைத்துவிடும். உள்ளே பாதி வெறுமையாக இருந்தாலும் சைஸ் சரியாகவே காட்டும்.

பம்பலப்பிட்டியில் கணினி திருத்தும் கடை ஒன்றில் கொடுத்தேன். முற்பணம் வாங்கிக்கொண்டார்கள். போன் பண்ணிப் பண்ணிக் களைத்து நேரே போனால், "அண்ணை, டேட்டா எல்லாம் கரப்ட். எழுத்து எடுத்துப் பார்த்தோம், வெறும் குப்பைதான் வருது" என்று திரையைக் காட்டினார் அங்கிருந்தவர். முற்பணம் திரும்பாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நல்லவேளை, அந்தத் திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மேலே முதல் வரி இப்படி இருந்தது:

```
Kd;Diu
```

அதை ரைப் செய்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "தம்பி, அது குப்பையில்லை. முன்னுரை. பாமினி எழுத்துரு போட்டுப் பாருங்கோ."

இதுதான் விஷயம். பாமினியில் அடித்த தமிழ், ஃபைலுக்குள் ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எந்த மீட்பு மென்பொருளும் எழுத்துருவைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தைத் தரும்போது, பார்ப்பவருக்கு அது கெட்டுப்போன டேட்டா போலவே தெரியும். வரிகளில் அரைப்புள்ளி கொட்டிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். பாமினியில் அதுதான் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி.

கடையில் எடுத்ததைத் தாருங்கள் என்றால் அழித்துவிட்டார்களாம். பென் டிரைவை வாங்கிக்கொண்டு வந்தேன். முதலில் ஃபைலை வேறிடத்தில் ஒரு கொப்பி போட்டு, அந்தக் கொப்பியில்தான் கை வைத்தேன்.

docx என்பது உண்மையில் ஒரு zip பொதி. நோட்பேட்++ இல் திறந்தால் முதல் இரண்டு எழுத்து PK என்று இருக்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது. ஆனால் கடைசிப் பக்கமெல்லாம் NUL NUL என்று கறுப்புக் கட்டங்கள். தொடக்கத்திலிருந்தே NUL மட்டும்தான் என்றால் அந்தக் கொப்பியில் மீட்க ஒன்றுமில்லை, காசைச் செலவழிக்க வேண்டாம். பொதிக்குள் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படும். எங்களுக்கு அந்த வால்தான் அறுந்திருந்தது. அதனால் பெயரை .zip என்று மாற்றினால் விண்டோஸ் திறக்காது. பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுகிறார்கள். 7-Zip-இல் Open archive கொடுத்தால், அது பட்டியல் இல்லாவிட்டாலும் உள்ளே தேடிப் பார்க்கும். பிழை என்று கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு word என்ற ஃபோல்டரைக் காட்டியது. எழுத்து முழுவதும் அதிலுள்ள document.xml-இல் இருக்கிறது. வேர்ட் சேமித்த ஃபைல்களில் பெரும்பாலும் இது படங்களுக்கு முன்னால் வந்துவிடுவதால், வால் அறுந்தாலும் எழுத்து தப்பியது.

வெளியே எடுத்து நோட்பேட்++ இல் திறந்தால் எழுத்தும் வேர்டின் அடையாளக் குறிகளும் கலந்து எல்லாம் ஒரே நீள வரி. Replace-இல் Regular expression தெரிவு செய்து, இந்த ஒழுங்கில் மாற்ற வேண்டும். இடப்பக்கம் தேடுவது, வலப்பக்கம் போடுவது. கடைசி வரியில் வலப்பக்கம் ஒன்றும் போடுவதில்லை:

```
<w:br/>    →  \r\n
</w:p>     →  \r\n
<[^>]+>    →
```

முதல் வரியை விட்டால் Shift+Enter போட்டு அடித்த வாழ்த்துப்பாக்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடும். இது முடிந்த பிறகுதான் `&lt;` என்பதை `<` ஆகவும், `&gt;` என்பதை `>` ஆகவும், கடைசியாக `&amp;` என்பதை `&` ஆகவும் மாற்ற வேண்டும். ஒழுங்கு மாறினால் தொலைந்தீர்கள். பாமினியில் `<` என்பது ஈ, `>` என்பது காற்புள்ளி. இவற்றை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் அடையாளக் குறிகளை அழித்தால், ‘ஈழத்து’ என்று தொடங்கி அடுத்த காற்புள்ளி வரை இருக்கிற எழுத்தையும் குறி என்று நினைத்துச் சத்தமில்லாமல் தின்றுவிடும். வாசித்துப் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது.

வந்ததை வேர்டில் ஒட்டி, எல்லாவற்றையும் தெரிவு செய்து பாமினி போட்டேன். முன்னுரை தமிழில் எழுந்து நின்றபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், ஒருவருக்கும் அதன் அருமை தெரியவில்லை. நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாக மாறின. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. பெட்டிக்குள் போட்டிருந்த வாழ்த்துச் செய்திகள் இரண்டிரண்டு தடவை வந்தன. பழைய வேர்டுக்காகவும் ஒரு பிரதி உள்ளே வைக்கப்படுகிறது, ஒன்றை அழித்தால் சரி. படம் இருந்த இடங்களில் நீளமான இலக்கங்கள் கிடந்தன, அவை படம் நிற்கும் இடத்தின் அளவுகள். நன்கொடைத் தொகை என்று எண்ணிவிடாதீர்கள்!

நன்கொடையாளர் அட்டவணைதான் பெரிய பயம். பெயர், ஊர், தொகை மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்திருந்தன. Insert, Table, Convert Text to Table போய், Separate text at என்ற இடத்தில் Paragraphs, நிரல் 3 என்று கொடுத்தேன். பட்டியல் பழையபடி வந்தது. ஆனால் ஓரிடத்திலிருந்து தொகைக்கு நேரே ஊர் நின்றது. ஒருவரின் பெயரை அக்கா ஒரே கட்டத்தில் இரண்டு வரியாக அடித்திருந்தார். அதை ஒன்றாக்கிவிட்டு மறுபடி மாற்றினால் நேரானது. ரசீதுப் புத்தகத்தோடு கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

இணையத்தில் இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களையும் நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஏற்றிய பிறகு டொலரில் கேட்கிறார்கள். அது போக, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை முகம் தெரியாதவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

படங்கள் media ஃபோல்டரில் இருந்தன. முன்பக்கத்துப் படங்கள் முழுதாக வந்தன, பின்பக்கத்தவை வால் போன இடத்தோடு போயின. உரியவர்களிடம் மீண்டும் கேட்டதற்கு எல்லோரும் வாட்ஸ்அப்பில் சுருங்கின படங்களை அனுப்பினார்கள். அச்சகத்தார் அதைப் பார்த்து முகம் சுளிக்க, டொகியுமென்டாக அனுப்புங்கோ என்று ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.