புளி தீர்ந்த 24 நாட்கள்: பர்சேஸ் ஆர்டரைத் தானியங்கியாக்கிய அனுபவம்

டர்பனில் உள்ள ஒரு மளிகை மொத்த விற்பனைக் கடையில் கணக்கையும் கணினி வேலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இங்குள்ள நம்மவர் வீடுகளில் புனித வெள்ளியன்று மீன் குழம்பு வைப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் எங்கள் புளி விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 2024-இல் புனித வெள்ளி மார்ச் 29 அன்று வந்தது. மார்ச் 3 அன்றே எங்கள் கிடங்கில் புளி தீர்ந்துபோனது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய சரக்கு மார்ச் 27, புதன்கிழமை மாலையில்தான் இறங்கியது. இடையிலிருந்த 24 நாட்களும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலிருந்து வந்த சில்லறைக் கடைக்காரர்களை வேறு கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அப்போதும் எங்களிடம் மறு ஆர்டர் அளவு என்ற ஒன்று இருந்தது. புளிக்கு அது 170 பெட்டிகள். நாளொன்றுக்குச் சராசரியாக 5 பெட்டிகள் விற்கும், சரக்கு வர 30 நாள் ஆகும், ஆகவே 150, கைக்காவலுக்கு இன்னொரு 20 என்று யாரோ எப்போதோ கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கையிருப்பு ஜனவரி 29 அன்று 170-ஐத் தொட்டது, அன்றைக்கே ஆர்டரும் போனது. யாரும் மறக்கவில்லை, யாரும் தாமதிக்கவில்லை. அப்படியிருந்தும் சரக்கு வந்துசேர 58 நாட்கள் ஆயின. ஆகவே ஆர்டரைத் தானாக உருவாக்கும் நிரலை எழுத உட்கார்ந்தபோது நான் முதலில் தேடியது, அந்த 30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

கொள்முதலைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் அக்காவிடம் கேட்டேன். "சப்ளையர் சொன்னதுதான் தம்பி, கப்பல் கிளம்பினால் முப்பது நாள் என்று சொன்னார்" என்றார். விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. சப்ளையர் சொன்னது கப்பல் கிளம்பிய பிறகான நாட்கள். அதற்கு முன்னால் சரக்கைக் கட்டவும், பயிர்நலச் சான்றிதழ் வாங்கவும், கப்பலில் இடம் கிடைக்கவும் ஆகும் நாட்கள் அதில் இல்லை. அதற்குப் பின்னால் துறைமுகத்திலும் சுங்கத்திலும் கழியும் நாட்களும் இல்லை. எங்களுக்கு வேண்டிய லீட் டைம், ஆர்டர் அனுப்பிய நாள் முதல் பெட்டி அலமாரியில் ஏறி விற்பனைக்குத் தயாராகும் நாள் வரையிலானது. அதைச் சப்ளையரால் சொல்ல முடியாது. நம் பதிவேடுகளிலிருந்துதான் எடுக்க முடியும்.

பழைய பர்சேஸ் ஆர்டர்களையும் சரக்கு வரவுச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புளிக்கான கடைசி 11 ஆர்டர்களின் நாட்களை எழுதினேன்: 47, 50, 51, 52, 52, 54, 55, 56, 58, 62, 79. சராசரி 56, திட்ட விலக்கம் ஏறத்தாழ 9. அந்த 79 நாள் ஆர்டர் 2023-இன் இறுதியில், டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையாகக் காத்து நின்ற காலத்தில் வந்தது. அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒதுக்கினால் மறு ஆர்டர் அளவு 46 பெட்டிகள் குறையும் என்று கணக்கு காட்டியது; அது ஒன்பது நாள் விற்பனை. ஒருமுறை நடந்தது மறுபடியும் நடக்கும் என்ற முடிவில் அதைக் கணக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு காலமும் சேர வேண்டியிருந்தது. நிரல் தினமும் காலையில் ஓடினாலும், இப்போது நாங்கள் சப்ளையருக்கு ஆர்டர் அனுப்புவது வியாழக்கிழமைகளில் மட்டும். வெள்ளியன்று கையிருப்பு இறங்கினால் அடுத்த வியாழன் வரை காத்திருக்க நேரும். ஆகவே 56 உடன் 7 சேர்த்து 63 நாட்களுக்கான விற்பனையைத் தாங்கும்படி கணக்கிட்டேன். நாள் விற்பனையின் திட்ட விலக்கம் 2 பெட்டிகள். கீழே `d` என்பது சராசரி நாள் விற்பனை, `L` லீட் டைம், `R` அடுத்த வியாழன் வரையிலான 7 நாட்கள்; `sd_d`, `sd_L` என்பவை நாள் விற்பனையின், லீட் டைமின் திட்ட விலக்கங்கள்.

```
reorder_level = d*(L+R) + z*sqrt((L+R)*sd_d^2 + d^2*sd_L^2)
              = 5*63 + 1.65*sqrt(63*4 + 25*81)
              = 315 + 79 = 394
```

இதில் `z` என்பது 1.65 என்றால், சரக்கு வருவதற்குள் இருப்பு தீர்ந்துவிடாத வாய்ப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு. வர்க்கமூலத்துக்குள் இருக்கும் இரண்டு எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விற்பனையின் ஏற்ற இறக்கத்தால் வருவது 252; சரக்கு வரும் நாட்களின் ஏற்ற இறக்கத்தால் வருவது 2025. அதாவது எங்கள் கைக்காவல் இருப்பு பெரும்பாலும் வாடிக்கையாளருக்காக இல்லை, கடலுக்காக இருக்கிறது. விற்பனையை இன்னும் நுணுக்கமாகக் கணித்தால் சரியாகிவிடும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை இந்த இரண்டு எண்களும் மாற்றின.

புதிய அளவான 394-ஐப் பதிவுசெய்து நிரலை ஓடவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா அழைத்தார். புளிக்கு 300 பெட்டி வீதம் மூன்று பர்சேஸ் ஆர்டர்கள் வரைவாக நின்றுகொண்டிருந்தன. தவறு என்னுடையது. நான் அலமாரியிலிருக்கும் கையிருப்பை மட்டும் 394 உடன் ஒப்பிட்டிருந்தேன். கொஞ்சம் கணக்குப் போட்டால் அது ஏன் நடந்தது என்பது விளங்கும்: ஒவ்வொரு முறையும் 300 பெட்டி வருகிறது, வரும்போது கைக்காவலான 79 மட்டும் மிச்சமிருக்கும் என்றால், சரக்கு இறங்கிய அன்றுகூட அலமாரியில் 379 பெட்டிகள்தான் இருக்கும். அதாவது லீட் டைம் நீளமாக உள்ள பொருளுக்கு, எல்லாம் சரியாக நடந்தாலும் கையிருப்பு மறு ஆர்டர் அளவைத் தாண்டவே தாண்டாது. அதை மட்டும் பார்க்கும் நிரல் தினமும் ஆர்டர் போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஒப்பிட வேண்டியது கையிருப்பும், வழியில் வந்துகொண்டிருப்பதும் சேர்ந்த தொகையிலிருந்து, வாடிக்கையாளருக்கு ஏற்கனவே ஒதுக்கிவிட்டதைக் கழித்த எண்ணை. வழியில் வருவது என்பதில் இன்னும் அனுப்பப்படாத வரைவும் சேர வேண்டும். இல்லாவிட்டால் வியாழன் வரும்வரை தினம் ஒரு வரைவு பிறக்கும். திருத்திய வினவல் இது:

```sql
SELECT i.item_code
FROM items i
LEFT JOIN po_lines p
  ON p.item_code = i.item_code
 AND p.status IN ('draft', 'sent', 'partial')
GROUP BY i.item_code, i.on_hand, i.reserved, i.reorder_level
HAVING i.on_hand - i.reserved
       + COALESCE(SUM(p.ordered - p.received), 0)
       <= i.reorder_level;
```

இந்தத் திருத்தம் இரட்டை ஆர்டரைத் தடுத்தது, ஆனால் அதைவிட அமைதியான ஓர் ஆபத்தைத் திறந்துவிட்டது. வரைவும் வரவேண்டிய சரக்காகவே எண்ணப்படுவதால், அதை யாரும் அனுப்பாமல் விட்டுவிட்டால் நிரல் மறுபடி எச்சரிக்காது. தன் கணக்கில் சரக்கு வந்துகொண்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். அக்கா ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரங்களில் கடுகுக்கான வரைவு ஒன்று அப்படியே கிடந்தது. அதன்பின் இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் வரைவுகளின் பட்டியலை, அனுப்பும் பொறுப்புள்ள இருவருக்கும் தினமும் காலையில் மின்னஞ்சலாக அனுப்பும்படி செய்தேன். நிரலே நேரடியாகச் சப்ளையருக்கு அனுப்பலாம் என்று முதலாளி ஒருமுறை சொன்னார், நான் ஒப்பவில்லை. விலையும் கன்டெய்னரில் உள்ள இடமும் வாரத்துக்கு வாரம் மாறும் இடத்தில், அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதேபோன்ற இன்னொரு பிழையைக் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. ஓர் ஆர்டரில் 300-க்குப் பதில் 288 பெட்டிகள் வந்தன. சப்ளையர் மீதியை அனுப்பப்போவதில்லை, பணமும் 288-க்குத்தான் கொடுத்தோம். ஆனால் கணினியில் அந்த 12 பெட்டிகள் இன்னும் கடலில் மிதந்துகொண்டிருந்தன. பல ஆர்டர்களில் இப்படிச் சேர்ந்தால் கைக்காவல் முழுவதையும் அந்தப் பொய் இருப்பு விழுங்கிவிடும். இதைக் கண்டறியும் வழி எளிது: ஆர்டர் அனுப்பி 80 நாட்களுக்கு மேலாகியும் திறந்திருக்கும் வரிகளை எடுத்துப் பார்த்தால் போதும். இப்போது சரக்கு வரவு போடும்போதே, மீதி வருமா வராதா என்ற கேள்விக்குக் கிடங்கில் பதில் கொடுத்தாக வேண்டும். வராது என்றால் அந்த வரி அங்கேயே மூடப்படும்.

மிஞ்சியது புனித வெள்ளி. அது ஆண்டுதோறும் நகரும் நாள்: 2024-இல் மார்ச் 29, 2025-இல் ஏப்ரல் 18, 2026-இல் ஏப்ரல் 3. சென்ற ஆண்டின் மார்ச் விற்பனையை இந்த ஆண்டு மார்ச்சுக்கு வைத்தால், கூட்டம் வராத வாரங்களுக்குச் சரக்கு குவியும், வரும் வாரங்களில் தீரும். ஆகவே விற்பனை வரலாற்றை மாதப்படி வைக்காமல், புனித வெள்ளிக்கு எத்தனை வாரம் முன்பு என்று எண்ணி அடுக்கினேன். மறு ஆர்டர் அளவிலும் 5-ஐ 63-ஆல் பெருக்குவதை விட்டுவிட்டு, இன்றிலிருந்து வரும் 63 நாட்களுக்கான மதிப்பீட்டைக் கூட்டும்படி மாற்றினேன். 2025-இல் கூடுதல் விற்பனை மார்ச் 28 அன்று தொடங்கும் என்பதால், ஜனவரி 24-க்குப் பிறகு புளியின் அளவு நாளுக்கு 5 பெட்டி வீதம் தானாக உயரத் தொடங்கியது. மூன்று வாரத்தில் 394-இலிருந்து 499-ஐ அடைந்தது. விற்பனையில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாத ஜனவரி மாதத்தில் நிரல் புளிக்கு ஆர்டர் கேட்டபோது, அக்கா சந்தேகத்தோடு என்னை அழைத்தார். நான் நாட்காட்டியை எடுத்து ஏப்ரல் 18-லிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணிக் காட்டினேன். அவர் வேறொன்றும் கேட்காமல் அந்த வியாழனன்று ஆர்டரை அனுப்பினார்.

ஏப்ரல் 17 மாலை கடையை மூடும்போது கிடங்கில் 62 பெட்டிப் புளி இருந்தது. அந்த ஆர்டர் வந்துசேர எடுத்துக்கொண்ட 59 நாட்களைப் பட்டியலில் பன்னிரண்டாவது எண்ணாகச் சேர்த்தேன்.