எதை அழிப்பது, எதைச் சுருக்குவது?

மறுநாள் ஆய்வகத்தில் ஆசிரியர் செய்துகாட்டும் சோதனையை வகுப்புக்காகப் படம்பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. என் கைபேசியில் மிஞ்சியிருந்த இடமோ 300 எம்பி. விடுதி வைஃபை இரவில் ஊர்ந்துதான் செல்லும். இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டு அழிப்பது நடக்கிற காரியமில்லை.

கேலரியை அளவு வாரியாக வரிசைப்படுத்தினேன். முதலில் வந்தது 40 நிமிட வகுப்புப் பதிவு, 5 ஜிபி. சுருக்கப் போனேன், அறைத்தோழன் தடுத்தான்.

"புதிய கோப்பு எழுதி முடியும்வரை பழையதும் இருந்தாக வேண்டும். அதற்கு இடம் எங்கே? முதலில் எதையாவது அழி."

எளிதில் கைவிடக்கூடியவை வாட்ஸ்அப்பில் வந்தவைதான். அவை ஏற்கெனவே சுருங்கி வந்தவை. மறுபடி சுருக்கினால் தெளிவு கெடுமே தவிர இடம் அதிகம் மிஞ்சாது. வாழ்த்துகளையும் ஒரே வீடியோவின் பல பிரதிகளையும் அழித்தேன். காலி இடம் அப்படியே இருந்தது. கேலரியின் குப்பைத்தொட்டியில் அவை இன்னும் கிடந்தன! அதையும் காலிசெய்த பிறகு 2 ஜிபி கிடைத்தது.

இனி வகுப்புப் பதிவு. வீடியோவின் அளவு என்பது நீளத்தை பிட்ரேட்டால், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவால், பெருக்கி வருவது. என் கைபேசி நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் வீதம் பதிகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 128 எம்பி. கரும்பலகையோ அசைவதில்லை. மாறாத காட்சிக்கு 2 மெகாபிட்டே தாராளம், நிமிடத்துக்கு 15 எம்பி. ஆனால் 1080 என்ற தெளிவுத்திறனைக் குறைக்கவில்லை. குறைத்தால் பொடி எழுத்துகள் கரைந்துவிடும். முடிந்ததும் 600 எம்பி. பலகையின் மூலையில் ஒரு சமன்பாட்டில் நிறுத்தி, அடுக்குக்குறி 2 ஆ 3 ஆ என்று உற்றுப் பார்த்தேன். தெரிந்தது. கடைசி நிமிடத்தில் குரலும் உதட்டசைவும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்த பிறகே மூலத்தை அழித்தேன்.

விடுதி விழா நடனத்துக்கு இந்த வழி உதவாது. மங்கிய வெளிச்சமும் ஓயாத அசைவும் உள்ள காட்சியைக் குறைந்த பிட்ரேட்டில் சுருக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. ஆகவே தரத்தைத் தொடாமல் நீளத்தை வெட்டினேன். 4கே-யில் எடுத்த நான்கு நிமிடத்தில், எல்லோரும் மேடையில் இருக்கும் ஒரு நிமிடம் போதும். அதில் மட்டும் ஒரு ஜிபிக்கு மேல் மிஞ்சியது.

பாட்டி கதை சொல்லும் வீடியோ வரிசையில் அடுத்து நின்றது. விளக்கொளியில் எடுத்தது, ஏற்கெனவே புள்ளி புள்ளியாகத் தெரிவது. அப்படிப்பட்டதைச் சுருக்கினால் அவர் முகச் சுருக்கங்கள்தான் முதலில் மறையும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதைத் தொடவேண்டிய தேவையும் வரவில்லை: கையில் 7 ஜிபிக்கு மேல் இருந்தது, அரை மணி நேரச் சோதனைக்கு 4 ஜிபி போதும்.