திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவன்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஹோல் சின்னது. ஆனால் இரண்டு வயது மகனுக்கு அது சுகததாச விளையாட்டரங்கு. "குளிக்க வாங்கோ அப்பு" என்று வாய் திறந்தால் போதும், கெக்கட்டமிட்டுச் சிரித்தபடி செற்றிக்குப் பின்னால் பாய்வான். உடுப்பைப் பாதி கழற்றியிருந்தால் இன்னும் விசேஷம். ஒரு கை சட்டைக்குள், மற்றது வெளியே, கீழே ஒன்றுமே இல்லை.

தண்ணீருக்குப் பயமோ என்றால் அதுவும் இல்லை. வாளிக்குள் இறக்கிவிட்டால் பிறகு வெளியே எடுக்கத்தான் சண்டை.

ஓடும்போது அவனுடைய கழுத்தைக் கவனியுங்கள். உண்மையாகத் தப்பி ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இவனோ திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நான் நின்றுவிட்டால் அவனும் வேகத்தைக் குறைத்து, கதிரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, வா!" என்கிறான். கூப்பிட்டது நான், இப்போது கூப்பிடுவது அவன்.

பொம்மையை நீட்டிவிட்டு, நாம் வாங்கப் போகும்போது வெடுக்கென்று இழுத்துச் சிரிக்கும் குறும்பு ஒரு வயதுக்கு முன்பே பிள்ளைகளுக்கு வந்துவிடும். இந்த ஓட்டமும் அதே சேட்டைதான், கால் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் துரத்தத் துரத்த, "குளிக்க வா" என்பது விளையாட்டுத் தொடங்கும் விசிலாகிவிடுகிறது. "நில்!" என்று கத்துவது அவன் காதில் விழும். ஆனால் தொடங்கிய ஓட்டத்துக்கு பிரேக் போடும் மூளைப் பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இப்போது நான் துரத்துவதில்லை. சிவப்புக் கோப்பையை எடுத்துக்கொண்டு, "நான்தான் முதல்!" என்று குளியலறைக்கு ஓடுகிறேன். அவன் பின்னால் கத்திக்கொண்டு வருகிறான். மூடிகளை அடுக்கிக்கொண்டு இருந்தான் என்றால் மட்டும் இது பலிக்காது. "இன்னும் இரண்டு மூடி, பிறகு குளிப்பு" என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. சிரித்துக்கொண்டு ஓடினால் விளையாட்டு. வாயை இறுக மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் பசியில்லை. சற்று முன் யாரோ பால் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ எப்போதும் அம்மம்மாதான்.

அம்மம்மாவிடம் மட்டும் அவன் ஓடுவதே இல்லை. அவருக்கு முழங்கால் வருத்தம், துரத்த மாட்டார். பருப்புச் சோற்றைப் பிசைந்து தானே ஒரு வாய் போட்டுக்கொள்வார். அவன் தானாக வந்து மடியில் ஏறி, "எனக்கு?" என்பான்.

லிஃப்ட் பக்கக் கதவு திறந்திருந்தால் மட்டும் இந்த நிதானமெல்லாம் கிடையாது. சிரிக்காமல், ஒன்றும் பேசாமல், பின்னால் போய் ஒரே தூக்காகத் தூக்கிவிடுவோம். அப்போதும் சிரிக்கிறான், பயல்.